1949க்குப் போக 912 கிளிக் வேண்டாம்: டைப் செய்ய விடாத தேதிப் பெட்டியைச் சமாளிப்பது எப்படி?

ஆன்லைன் படிவம் ஒன்றில் பிறந்த தேதி கேட்கும் பெட்டியைத் தொடுகிறீர்கள். குட்டிக் காலண்டர் ஒன்று வந்து விழுகிறது. அதில் இந்த மாதம் தெரிகிறது. எண்களைத் தட்டிப் பார்த்தால் எதுவும் பதிவாகவில்லை. மாதத்தின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அம்பு இருக்கிறது; தட்டினால் ஒரு மாதம் பின்னால் போகிறது. சரி, இப்படியே போகவேண்டியதுதான் போல என்று நினைத்து ஆரம்பித்துவிடுகிறோம்.

பள்ளிப் பிள்ளைக்கு விண்ணப்பம் போடும்போது இது பெரிய தொல்லையாகத் தெரியாது. வீட்டில் மூத்தவர்களுக்குக் காப்பீடோ ரயில் டிக்கெட்டோ மருத்துவமனைப் பதிவோ போடும்போதுதான் வலி தெரியும். ஓர் அம்மாவின் பிறந்த தேதி 1949 ஜூலை 5 என்றும், நீங்கள் படிவத்தைத் திறந்தது 2025 ஜூலை மாதம் என்றும் வைத்துக்கொள்வோம். இடையில் 76 ஆண்டுகள். மாதக்கணக்கில் 912. அம்பைத் தட்டி அங்கே போய்ச் சேருவதற்குள் பல தளங்களில் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி முதல் பக்கத்துக்கே தள்ளிவிடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரே தேதியை வைத்துக்கொண்டே போகலாம்.

தொடங்கும் முன் ஒரு வேலை. சான்றில் உள்ள தேதியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தை எண்ணாக எழுதாமல் "5 ஜூலை 1949" என்று பெயராகவே எழுதுங்கள். ஏன் என்பது பின்னால் வரும். மூத்தவர்களுக்கு வீட்டில் சொல்லும் தேதி ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று என்று இருப்பது நம் ஊரில் சாதாரணம். பழைய ஆதார் அட்டைகள் சிலவற்றில் பிறந்த ஆண்டு மட்டுமே அச்சாகியிருக்கும். படிவம் எந்தச் சான்றைக் கேட்கிறதோ அதில் உள்ள தேதியைத்தான் எடுக்க வேண்டும்.

உண்மையிலேயே டைப் செய்ய விடவில்லையா?

காலண்டர் விழுந்தாலே டைப் செய்ய முடியாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பாதி இடங்களில் பெட்டி எழுத விடும்; காலண்டர் அதை மறைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

கணினியில் இதைச் சோதிப்பது எளிது. மவுஸால் பெட்டியைத் தொடாதீர்கள். அதற்கு முந்தைய பெட்டியில், பெரும்பாலும் பெயர் எழுதும் பெட்டியில், கர்சரை வைத்து Tab விசையை அழுத்துங்கள். தேதிப் பெட்டிக்குப் போய்ச் சேருவீர்கள். காலண்டர் திறந்தால் Esc அழுத்தி மூடிவிடுங்கள். இப்போது 0 என்று தட்டுங்கள். எண் விழுந்தால் வழி திறந்துவிட்டது.

பெட்டிக்குள்ளே மங்கலாக dd-mm-yyyy என்று தெரிந்து, வலது ஓரத்தில் ஒரு காலண்டர் படமும் இருந்தால், அது பெரும்பாலும் பிரவுசரே தரும் தேதிப் பெட்டி. அதில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் தனித்தனித் துண்டு. dd என்ற இடத்தில் கிளிக் செய்து 05, 07, 1949 என்று வரிசையாகத் தட்டினால் போதும். நடுவில் கோடு போடத் தேவையில்லை. ஆனால் சிலருடைய கணினியில் அதே பெட்டி mm/dd/yyyy என்று காட்டும். பிரவுசரின் மொழி அமைப்பைப் பொறுத்து வரிசை மாறும், தளத்தின் தவறல்ல. அப்போது மாதத்தை முதலில் தட்டுங்கள். இன்னொன்று, ஆண்டுக்கு நான்கு எண் போட்டதும் கையை எடுத்துவிடுங்கள். குரோமில் ஐந்தாவது எண்ணையும் அது பேசாமல் வாங்கிக்கொள்ளும். அப்புறம் "தேதி தவறு" என்று படிவம் சொல்லும்போது காரணம் புரியாது.

சாதாரணப் பெட்டியில் எண் விழுகிறது என்றாலும் ஆண்டை முழுதாக நான்கு எண்களில் எழுதுங்கள். இரண்டு எண் எழுதினால் எந்த நூற்றாண்டு என்பதை நிரல் ஊகிக்க வேண்டியிருக்கிறது. பல தளங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஜேக்வெரி என்ற ஆயத்தக் காலண்டரில் இயல்பான ஏற்பாடு இப்படி: இன்றைய ஆண்டோடு பத்தைக் கூட்டி, அதற்குள் அடங்கும் எண்ணை இந்த நூற்றாண்டாக எடுக்கும். 2025இல் அந்த எல்லை 35. ஆகவே 49 என்றால் 1949 சரியாக வந்துவிடும். ஆனால் 1930இல் பிறந்த பாட்டிக்கு 30 என்று எழுதினால் அவர் 2030இல்தான் பிறக்கப்போகிறார்.

அம்பை விடுங்கள், தலைப்பைத் தட்டுங்கள்

டைப் செய்ய வழியில்லை என்று உறுதியானால் காலண்டருக்குள்தான் போக வேண்டும். அங்கே கண் முதலில் அம்பில்தான் நிற்கும். விட வேண்டியது அதைத்தான். மேலே நடுவில் "July 2025" என்று இருக்கிறதே, அதைத் தட்டுங்கள். அது வெறும் எழுத்துபோல் தெரியும். கோடோ நிறமோ இருக்காது. ஆனால் பெரும்பாலான காலண்டர்களில் அதுதான் பொத்தான். தட்டியதும் என்ன நடக்கிறது என்பதை வைத்து உங்களுக்கு வாய்த்தது எந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம்.

முதல் வகையில், தட்டத் தட்ட ஒரு படி மேலே ஏறும். நாட்கள் இருந்த இடத்தில் பன்னிரண்டு மாதங்கள் வரும். தலைப்பு "2025" என்று மாறும். அதையும் தட்டினால் ஆண்டுகள் வரும், தலைப்பு "2020-2029". மறுபடி தட்டினால் 2000, 2010, 2020 என்று பத்தாண்டுகள் வரும். பூட்ஸ்ட்ராப் என்ற காலண்டர் இந்த மாதிரி. நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தலைப்பை மூன்று முறை தட்டிப் பத்தாண்டுப் பட்டியலுக்கு ஏறுகிறோம். இடது அம்பை ஒரே முறை தட்டுகிறோம். இப்போது அந்த அம்பு ஒரு மாதம் அல்ல, ஒரு நூற்றாண்டு நகரும். 1940ஐத் தட்டுகிறோம், 1949ஐத் தட்டுகிறோம், ஜூலை, அப்புறம் 5. எண்ணிப் பாருங்கள், மொத்தம் எட்டு. பழைய பதிப்புகள் சிலவற்றில் ஏற்றம் "2020-2029" என்ற நிலையிலேயே நின்றுவிடும். அப்போதும் கவலையில்லை, அங்கே ஓர் அம்புத் தட்டலுக்குப் பத்து ஆண்டு போகும்.

இரண்டாம் வகையில், தலைப்புக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய சின்ன முக்கோணம் இருக்கும். தட்டினால் ஒரே பக்கத்தில் இருபத்துநான்கு ஆண்டுகள் கட்டம் கட்டமாக வரும். ஆங்குலர் மெட்டீரியல் என்ற வகை இது. அம்பை மூன்று முறை பின்னால் தட்டினால் 1949 உள்ள பக்கம் வந்துவிடும். ஆண்டைத் தட்டினால் மாதங்கள், மாதத்தைத் தட்டினால் நாட்கள்.

மூன்றாம் வகை கொஞ்சம் ஏமாற்றும். தலைப்பில் மாதம் ஒரு பட்டியலாகவும், ஆண்டு வெறும் எண்ணாகவும் இருக்கும். மவுஸை ஆண்டின் மேல் கொண்டுபோனால் பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு குட்டி அம்புகள் முளைக்கும். பிளாட்பிக்கர் என்ற காலண்டர் இது. வெளிப்பெட்டியில் டைப் செய்ய விடாமல் இருந்தாலும், உள்ளே இந்த ஆண்டு எண்ணை டைப் செய்ய விடும். ஆண்டின் மேல் கிளிக் செய்து, 2025ஐ அழித்து, 1949 என்று தட்டி Enter அழுத்துங்கள். இவ்வளவு நல்ல வசதியை வைத்துவிட்டு அதை யாருக்கும் சொல்லாமல் விட்டது ஏன் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

நான்காவது, ஆண்டு ஒரு கீழிறங்கு பட்டியலாக இருப்பது. திறந்தால் 2015 முதல் 2035 வரைதான் இருக்கிறது, 1949ஐக் காணோம். பலர் இங்கேதான் "இந்தத் தளத்தில் பழைய ஆண்டே இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். ஜேக்வெரி காலண்டரின் இயல்பான ஏற்பாடு, இப்போது நிற்கும் ஆண்டுக்கு முன்னும் பின்னும் பத்து ஆண்டுகளைக் காட்டுவது. எனவே பட்டியலில் உள்ள மிகப் பழைய ஆண்டான 2015ஐத் தேர்ந்தெடுங்கள். பட்டியலை மீண்டும் திறந்தால் 2005 வந்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து மறுபடி திறந்தால் 1995. இப்படி 1955 வரை இறங்கினால் அடுத்த பட்டியலில் 1949 இருக்கும். எட்டுத் தேர்வில் முடிந்துவிடும். பட்டியல் இறங்காமல் ஒரே ஆண்டில் முட்டிக்கொண்டு நின்றால் அங்கே எல்லை போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதைக் கீழே பார்ப்போம்.

எந்த வகையானாலும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் போங்கள். பிப்ரவரி 29இல் பிறந்தவர்களுக்கு இந்த வரிசை கட்டாயம். ஆண்டைச் சரியாக வைக்காத வரை அந்த நாளே காலண்டரில் வராது. இன்னொரு இடத்தில் புதியவர்கள் அடிக்கடி சறுக்குவார்கள். ஆண்டையும் மாதத்தையும் பிடித்துவிட்ட நிம்மதியில் காலண்டரை மூடிவிடுவார்கள். நாளைத் தட்டும் வரை பெட்டியில் எதுவும் ஏறாது. ஏற்கனவே நிழலிட்டுக் காட்டும் நாள் நீங்கள் தேர்ந்தெடுத்தது அல்ல. அதே எண்ணாக இருந்தாலும் ஒருமுறை தட்டியே ஆக வேண்டும்.

போனில்

ஆண்ட்ராய்டு போனில் தேதிப் பெட்டியைத் தொட்டால் திரை நடுவில் ஒரு காலண்டர் வரும். மேலே வண்ணப் பட்டையில் பெரிய எழுத்தில் நாளும் மாதமும் இருக்கும். அதற்குச் சற்று மேலே, சிறியதாக, கொஞ்சம் மங்கலாக 2025 என்று இருக்கும். அந்த எண்ணைத் தட்டுங்கள். ஆண்டுகளின் நீளப் பட்டியல் திறக்கும். விரலால் வேகமாகச் சுண்டிவிட்டால் சில நொடிகளில் 1949க்கு வந்துவிடலாம். ஆண்டைத் தட்டியதும் பழையபடி நாட்காட்டிக்கே திரும்பும். அங்கிருந்து மாதத்தைச் சரிசெய்ய அம்பையே பயன்படுத்தலாம். அதிகம் போனால் பதினொரு தட்டல்.

புதிய ஆப்களில் தோற்றம் வேறு. ஆண்டு, மாதத்தோடு சேர்ந்து "July 2025" என்று நாட்களுக்கு மேலே இருக்கும்; பக்கத்தில் முக்கோணம். தட்டினால் ஆண்டுகள் கட்டமாக விரியும். இதே வகையில் வலது மேல் மூலையில் ஒரு பென்சில் படம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத்தான் முதலில் தட்ட வேண்டும். காலண்டர் மறைந்து எழுதும் பெட்டி வரும். 05/07/1949 என்று எண்ணாகவே எழுதிவிடலாம். எந்த வரிசையில் எழுத வேண்டும் என்பதை அந்தப் பெட்டியே மங்கலாகக் காட்டும்.

ஐபோனிலும் அதே தலைப்புதான் வழி. மாதமும் ஆண்டும் சேர்ந்த தலைப்பைத் தட்டினால் நாட்கள் மறைந்து, சுழற்றும் இரண்டு உருளைகள் வரும். ஒன்று மாதம், இன்னொன்று ஆண்டு. சுழற்றி நிறுத்திவிட்டு, தலைப்பை மறுபடி தட்டினால் நாட்கள் திரும்பும்.

தளமே தன் சொந்தக் காலண்டரை வைத்திருந்தால் போனிலும் மேலே சொன்ன நான்கு வகைகளில் ஒன்றுதான் வரும். சின்னத் திரையில் தலைப்பு விரலுக்குச் சிக்காமல் அம்பே சிக்கிக்கொண்டிருந்தால், போனைப் படுக்கையாகத் திருப்புங்கள். அல்லது இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டு தட்டுங்கள்.

தலைப்பும் கைவிட்டால் கீபோர்டு

தலைப்பைத் தட்டினாலும் அசையாத காலண்டர்களும் உண்டு. மாதமும் ஆண்டும் அங்கே உண்மையாகவே வெறும் எழுத்து. ஜேக்வெரி காலண்டரில் ஆண்டுப் பட்டியல் வேண்டுமென்றால் படிவத்தை உருவாக்கியவர் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்க மறந்தால் நமக்கு அம்பு மட்டும்தான்.

இங்கே Page Up விசை உதவும். காலண்டர் திறந்திருக்கும்போது அதை அழுத்தினால் ஒரு மாதம் பின்னால் போகும். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் மாதங்கள் தானாக ஓடும். 912 மாதம் என்றாலும் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் வந்துவிடலாம். தாண்டிப்போனால் Page Down. லேப்டாப்பில் தனி விசை இல்லாவிட்டால் Fn விசையோடு மேல் அம்பை அழுத்துங்கள்.

ஆண்டு ஆண்டாகத் தாவவும் விசை உண்டு, ஆனால் காலண்டருக்குக் காலண்டர் மாறும். சிலவற்றில் Shift + Page Up, ஆங்குலர் வகையில் Alt + Page Up, பூட்ஸ்ட்ராப்பில் Ctrl + இடது அம்பு. ஜேக்வெரியில் Ctrl + Page Up என்று வைத்திருக்கிறார்கள். இதில்தான் சிக்கல்: குரோம் போன்ற பிரவுசர்களில் அதே விசைக்கு முந்தைய டேபுக்குப் போ என்று பொருள். அழுத்தியதும் படிவம் மறைந்து வேறு பக்கம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், எதுவும் அழியவில்லை. டேபைத் தட்டித் திரும்பி வாருங்கள். அப்புறம் Page Up மட்டும் போதும்.

பெட்டியின் பூட்டைக் கழற்றுவது

இதுவரை சொன்ன எதற்கும் மசியாத பெட்டிக்கு, அல்லது ஆண்டுப் பட்டியல் 1950இலேயே நின்றுபோய் 1949 வராத படிவத்துக்கு, கணினியில் இன்னொரு வழி இருக்கிறது. கைக்கு வசப்படச் சற்று நேரமாகும், ஆனால் ஆபத்து இல்லை. மாற்றம் உங்கள் திரையில் உள்ள பக்கத்தில் மட்டுமே நடக்கிறது. பக்கத்தைப் புதுப்பித்தால் பழையபடி ஆகிவிடும்.

முதலில் காலண்டரில் ஏதாவது ஒரு தேதியைத் தேர்ந்தெடுங்கள். 12க்கு மேற்பட்ட நாளாக இருக்கட்டும், 20ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் அது எப்படி விழுகிறது என்று பாருங்கள். 20/07/2025 என்றால் நாள் முதலில். 07/20/2025 என்றால் மாதம் முதலில். 20-Jul-2025 என்றும் வரலாம். தளம் எதிர்பார்க்கும் வடிவம் இதுதான், ஊகிக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பெட்டியின் மேல் வலது கிளிக் செய்து Inspect என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலோ கீழேயோ ஒரு பலகை திறந்து, ஒரு வரி நிழலிட்டுத் தெரியும். அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
<input type="text" id="dob" readonly>
```

வரி இதைவிட நீளமாக இருக்கலாம். அதில் readonly என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். அதுதான் பூட்டு. அந்தச் சொல்லின் மேல் இரண்டு முறை கிளிக் செய்து, Delete அழுத்தி, Enter தட்டுங்கள். அதற்கு மதிப்பு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால், readonly="readonly" என்பதுபோல, முழுவதையும் நீக்க வேண்டும். பலகையை மூடிவிட்டுப் பெட்டிக்குத் திரும்புங்கள். காலண்டர் மறுபடி விழுந்தால் Esc. பெட்டியில் இருக்கும் 20/07/2025ஐத் திருத்தி 05/07/1949 ஆக்குங்கள். கோடுகளைத் தொடாமல் எண்களை மட்டும் மாற்றுவது நல்லது. Tab அழுத்தி வெளியே வாருங்கள்.

வெளியே வந்ததும் தேதி அப்படியே நின்றால் வேலை முடிந்தது. பழைய தேதிக்கே தாவிவிட்டாலோ, பெட்டியில் தேதி இருந்தும் "பிறந்த தேதி தேவை" என்று படிவம் அடம்பிடித்தாலோ, அந்தக் காலண்டர் தன் தேதியை வேறெங்கோ தனியாக வைத்திருக்கிறது. அப்போது இந்த முறை பயன்படாது. அதேபோல் 1950க்கு முன் வேண்டாம் என்று தளத்தின் சர்வரிலேயே எல்லை போட்டிருந்தால், என்ன எழுதினாலும் அனுப்பும்போது மறுத்துவிடும். காப்பீடு போன்றவற்றில் வயது வரம்பு உண்மையான விதியாகவும் இருக்கலாம். அதைப் பெட்டியில் தேடாமல் நிபந்தனைகளில் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். இந்தப் பலகையில் Console என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே போய் எதையாவது ஒட்டச் சொல்லி யாரேனும் வாட்ஸப்பில் அனுப்பினால் ஒட்டாதீர்கள். நாம் செய்வது ஒரே ஒரு சொல்லை நீக்குவது. அதற்கு Console தேவையே இல்லை.

அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள்

தாளில் மாதத்தைப் பெயராக எழுதச் சொன்னது இதற்குத்தான். 05/07/1949 என்பதை ஜூலை 5 என்றும் படிக்கலாம், மே 7 என்றும் படிக்கலாம். இரண்டும் செல்லுபடியாகும் தேதி என்பதால் எந்தப் படிவமும் தவறு என்று சொல்லாது. அடுத்த பக்கத்திலோ முன்னோட்டத்திலோ பி.டி.எஃப்-இலோ மாதம் பெயராக எங்கே வருகிறது என்று தேடி, தாளோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு பிழை விசித்திரமானது. நீங்கள் ஜூலை 5 என்றே தேர்ந்தெடுத்தீர்கள்; பெட்டியிலும் அப்படியே இருந்தது. சேமித்துவிட்டுப் பார்த்தால் ஜூலை 4. கை தவறிவிட்டதோ என்று நினைத்து மறுபடி செய்தாலும் அதேதான். காரணம் நேர மண்டலம். சில நிரல்கள் பிறந்த தேதியை வெறும் தேதியாக வைக்காமல், அந்த நாளின் நள்ளிரவு 12 மணி என்று நேரத்தோடு சேர்த்து வைக்கும். அப்புறம் அதை உலகப் பொது நேரத்துக்கு மாற்றும். இந்தியாவும் இலங்கையும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே 5ஆம் தேதி நள்ளிரவு என்பது அங்கே 4ஆம் தேதி மாலை 6:30. நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்தால் ஒரு நாள் குறைந்துவிடும்.

இதற்குச் சிலர் குறுக்கு வழியாக 6ஆம் தேதியைத் தேர்ந்தெடுப்பார்கள், 5 என்று வந்துவிடும் என்று. நான் அதைச் செய்யமாட்டேன். சில தளங்களில் சேமிப்பது சரியாக இருந்து, காட்டுவது மட்டும் தவறாக இருக்கும். அங்கே 6 என்று போட்டால் சான்றோடு பொருந்தாத தேதிதான் பதிவாகும். நாளை அந்தப் பிழையைத் தளத்தில் சரிசெய்யும்போது உங்கள் பதிவு தவறாகிவிடும். திரையைப் படம் எடுத்து, 5 என்று தேர்ந்தெடுத்தேன், 4 என்று காட்டுகிறது என்று உதவி மையத்துக்கு எழுதுவதுதான் முறை. எந்தப் பிரவுசர், எந்த நாட்டிலிருந்து என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நீங்கள் படிவம் செய்பவராக இருந்தால்

டைப் செய்வதை ஏன் தடுக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஒருவர் 5.7.49 என்றும் இன்னொருவர் 05/07/1949 என்றும் எழுதுவார்கள். காலண்டரில் தேர்ந்தெடுக்கவைத்தால் எல்லாம் ஒரே வடிவத்தில் வரும். போனில் பெட்டியைத் தொட்டதும் கீபோர்டு எழுந்து காலண்டரை மறைக்கும். Readonly போட்டால் எழாது. விமான டிக்கெட்டுக்கும் விடுதி அறைக்கும் இது பொருந்தும், ஏனென்றால் தேதி இந்த வாரமோ அடுத்த மாதமோதான். கிழமையும் பார்க்க வேண்டியிருக்கும். பிறந்த தேதி அப்படியல்ல. அது ஆளுக்கு மனப்பாடம், கிழமை தேவையில்லை, ஆண்டோ வெகு தூரத்தில் இருக்கிறது.

பிரிட்டன் அரசுத் தளங்களுக்கான வடிவமைப்பு வழிகாட்டி, பிறந்த தேதி போல நினைவில் உள்ள தேதிகளுக்கு நாள், மாதம், ஆண்டு என எழுதும் பெட்டிகள் மூன்றை வைக்கச் சொல்கிறது. அதுதான் நல்ல வழி. பழைய ஜேக்வெரி படிவத்தை அவ்வளவு தூரம் மாற்ற முடியாது என்றால், குறைந்தது இதைச் செய்யலாம்:

```
$("#dob").datepicker({
  changeMonth: true,
  changeYear: true,
  yearRange: "-110:+0",
  maxDate: 0,
  dateFormat: "dd/mm/yy"
});
```

ஆண்டுப் பட்டியல் இந்த ஆண்டிலிருந்து 110 ஆண்டு பின்னால் வரை ஒரே வீச்சில் வரும். நாளைய தேதியைத் தேர்ந்தெடுக்க முடியாது. இங்கே yy என்பது நான்கு எண் ஆண்டு, இரண்டல்ல. இதோடு பெட்டியில் உள்ள readonly என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். தவறான எழுத்து விழுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். தேதி வடிவத்தில் இல்லாத எழுத்துகளை இந்தக் காலண்டர் தானாகவே தடுத்துவிடும், எண்களையும் சாய்கோட்டையும் மட்டும் விடும்.